ஹால் கம்ப்யூட்டரில் கை வைக்கும் முன்

நம் வீட்டு குரூப்பில் இருக்கும் எல்லோருக்கும்,

ஹாலில் இருக்கும் கம்ப்யூட்டரில் எந்த ஃபைலையும் யாரும் அழிக்க வேண்டாம், பெயரும் மாற்ற வேண்டாம். சொல்ல வந்தது இவ்வளவுதான். போன தடவை இதை ஒரே வரியில் போட்டேன். எல்லோரும் கட்டைவிரலைக் காட்டினீர்கள். அடுத்த வாரமே ஒரு ஃபோல்டர் "சுத்தம்" ஆகியிருந்தது. காரணம் சொல்லாமல் வேண்டாம் வேண்டாம் என்றால் யார்தான் கேட்பார்கள்? அதனால் இந்த முறை காரணத்தோடு எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள். இது பிள்ளைகளுக்கு மட்டும் என்று பெரியவர்கள் தள்ளிவிட வேண்டாம். இந்த வீட்டில் கம்ப்யூட்டரை ஒழுங்குபடுத்தும் ஆசை நாற்பதைத் தாண்டியவர்களுக்குத்தான் அதிகம்.

யார் செய்தது என்று நான் கேட்கவில்லை. நீங்களும் குரூப்பில் துப்பறிய வேண்டாம்.

1. அழிப்பதைவிடப் பெயர் மாற்றுவதில்தான் எனக்குப் பயம் அதிகம்.

ஃபைலை அழித்தால் அது இல்லை என்று உடனே தெரியும். தேடுவோம், கத்துவோம், எப்படியாவது மீட்போம். பெயரை மாற்றினால் எதுவுமே ஆகாதது போல இருக்கும். இந்த நவம்பரில் வாடகைக் கணக்கில் நடந்தது அதுதான். இதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்து தானாகப் புரிந்துவிடும்.

D: டிரைவில் "வீடு" என்ற ஃபோல்டரில் இரண்டு எக்ஸெல் ஃபைல்கள் இருக்கின்றன. ஒன்றில் சின்னத் தம்பி மாதாமாதம் வாடகை வசூலை எழுதுகிறான். முன்கடை 9,000, பக்கத்துக் கடை 7,500, மாடி போர்ஷன் 6,500, ஆக மாதம் 23,000 ரூபாய். ஏப்ரல் முதல் மார்ச் வரை பன்னிரண்டு வரிசை, அதற்குக் கீழே F16 கட்டத்தில் மொத்தம். இன்னொன்று நான் பார்க்கும் வீட்டுக் கணக்கு. அதில் வாடகை வரவை நான் கையால் எழுதுவதில்லை. அந்தக் கட்டத்தில் இருப்பது இது:

```
='D:\வீடு\[வாடகை 2025-26 புதுசு.xlsx]வசூல்'!$F$16
```

"D: டிரைவில் வீடு ஃபோல்டருக்குப் போ, இந்தப் பெயருள்ள ஃபைலில் 'வசூல்' என்ற தாளில் F16-இல் இருப்பதை எடுத்து வா" என்பது இதன் பொருள். எக்ஸெல்லுக்கு வாடகைக் கணக்கு என்றால் என்னவென்று தெரியாது, இந்த முகவரி மட்டும்தான் தெரியும். வீட்டின் கதவு எண்ணை இரவோடு இரவாக மாற்றிவிட்டால் தபால்காரர் என்ன செய்வாரோ அதைத்தான் அதுவும் செய்யும்.

"புதுசு" என்ற சொல் யாருக்கோ கண்ணை உறுத்தியிருக்கிறது. ஆகஸ்ட் மாதம் அந்த ஃபைல் வெறும் "வாடகை.xlsx" ஆகிவிட்டது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

இனி நடந்ததைக் கவனியுங்கள். நான் வீட்டுக் கணக்கைத் திறக்கும்போது, இணைப்புகளைப் புதுப்பிக்கவா என்று எக்ஸெல் கேட்கிறது. அவசரத்தில் "Don't Update" அழுத்தினாலும் சரி, "Update" அழுத்தி, "We can't update some of the links in your workbook right now." என்று வருவதற்கு "Continue" கொடுத்தாலும் சரி, அந்தக் கட்டம் காலியாகாது, பிழை என்றும் காட்டாது. கடைசியாக எடுத்து வந்த தொகையையே எக்ஸெல் நினைவில் வைத்துக் காட்டிக்கொண்டிருக்கும். ஏப்ரல் முதல் ஜூலை வரை நான்கு மாத வாடகை 92,000. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் வாடகையைத் தம்பி தவறாமல் எழுதிக்கொண்டிருந்தான், அந்த ஃபைலில் மொத்தம் 1,61,000. என் கணக்கில் அப்போதும் 92,000. நவம்பரில் பாஸ்புக்கோடு ஒத்துப் பார்த்தபோது 69,000 ரூபாய் இடித்தது. மாடிக்காரர் வாடகை கொடுத்தாரா என்று கேட்கக்கூட ஒருவர் கிளம்பிவிட்டார். நல்ல வேளை, நான் தடுத்துவிட்டேன்.

சரி, தம்பிக்கு ஏன் தெரியவில்லை? ஃபைலின் பெயர் மாறியிருந்தால் அவனுக்குத் திறந்திருக்கவே கூடாதே என்று நீங்கள் கேட்கலாம். அவன் டெஸ்க்டாப்பில் இருக்கும் ஷார்ட்கட் வழியாகத் திறக்கிறான். மூலையில் சின்ன அம்புக்குறி போட்டிருக்குமே, அது. அதே டிரைவுக்குள் ஒரு ஃபைலின் பெயர் மாறினாலும் இடம் மாறினாலும், அது எங்கே போயிற்று என்று விண்டோஸ் தேடி, ஷார்ட்கட்டைச் சரி செய்துவிடும். அது விண்டோஸ் செய்யும் உபகாரம். எக்ஸெல் சூத்திரத்துக்கு அந்த உபகாரம் கிடையாது. பெயரை மாற்றியவர் ஷார்ட்கட்டை அழுத்திப் பார்த்து, "திறக்கிறதே, ஒன்றும் ஆகவில்லையே" என்று நிம்மதியாகப் போயிருப்பார். அவரையும் குறை சொல்ல முடியாது.

2. பழைய பெயரில் புது ஃபைல் தொடங்காதீர்கள்.

இது மேலே சொன்னதன் அடுத்த படி, இன்னும் மோசம். "வாடகை 2025-26 புதுசு" காணோம் என்று ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், அதே பெயரில், அதே 'வசூல்' தாளோடு ஒரு புது ஃபைலைத் தொடங்கி நவம்பர் வாடகையை மட்டும் எழுதுகிறார் என்று வையுங்கள். என் கணக்கு அந்த முகவரிக்குப் போகும், அங்கே ஒரு ஃபைல் இருக்கும், F16-இல் 23,000 இருக்கும், அதை எடுத்துக்கொண்டு வந்துவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. முகவரி சரி, ஆள் வேறு. முதல் தவறில் எக்ஸெல் ஒரு பெட்டியையாவது காட்டி முணுமுணுத்தது. இதில் அதுகூட இல்லை.

ஒரு ஃபைல் காணவில்லை என்றால் குரூப்பில் கேளுங்கள். அதன் இடத்தில் இன்னொன்றைச் செய்து வைக்க வேண்டாம்.

3. தெரியாமல் பெயரை மாற்றிவிட்டால் இப்படிச் சரி செய்யலாம்.

உடனே நினைவு வந்தால், அந்த ஜன்னலிலேயே Ctrl + Z அழுத்துங்கள். பழைய பெயர் திரும்பிவிடும். ஃபைலை வேறு ஃபோல்டருக்கு இழுத்துப் போட்டிருந்தாலும், அழித்திருந்தாலும் இதே வழிதான். நடுவில் வேறு பத்து வேலை செய்திருந்தால் அது உதவாது, அப்போது பழைய பெயரையே மறுபடி வைக்க வேண்டும். எழுத்துக்கு எழுத்து, இடைவெளிக்கு இடைவெளி அதுவேயாக இருக்க வேண்டும். "2025-26"க்குப் பின்னால் ஒரு இடைவெளி இருந்த இடத்தில் இரண்டு விட்டால், நம் கண்ணுக்கு ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு வேறு பெயர்.

பழைய பெயரே மறந்துவிட்டதென்றால் அதைக் கண்டுபிடிக்கும் இடமும் உண்டு. வீட்டுக் கணக்கைத் திறந்து Data பட்டியில் "Edit Links" போனால், எந்தெந்த ஃபைலை அது தேடுகிறது என்று பழைய பெயரோடு வரிசையாக இருக்கும். அங்கே "Check Status" அழுத்தினால் கிடைத்ததற்கு "OK" என்றும், கிடைக்காததற்கு "Error: Source not found" என்றும் வரும். அந்தப் பெயரையே ஃபைலுக்குத் திரும்ப வைக்கலாம், அல்லது "Change Source" கொடுத்துப் புதுப் பெயருள்ள ஃபைலைக் காட்டிவிடலாம். நவம்பரில் நான் முதல் வழியில்தான் போனேன். இதே வாடகை ஃபைலை வேறு எந்தக் கணக்கு தேடுகிறது என்று எல்லாவற்றையும் திறந்து பார்த்துக்கொண்டிருப்பதைவிட, பெயரைத் திருப்பிவிடுவது சுலபம்.

மாதம் முடிந்ததும் வீட்டுக் கணக்கில் "Check Status" பார்த்துவிடுவதை இப்போது வழக்கமாக்கியிருக்கிறேன்.

4. கணக்கு ஃபைலுக்கு மட்டும் இந்தக் கதை என்று நினைக்காதீர்கள்.

கல்யாண வீடியோவை எடிட் செய்து கொண்டிருக்கும் மகளுக்கு இது தெரியும். எடிட்டிங் புராஜெக்ட் ஃபைலுக்குள் வீடியோ கிடையாது. எந்தக் கிளிப் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, எந்த நொடியிலிருந்து எந்த நொடி வரை வேண்டும் என்ற குறிப்புகள்தான் இருக்கின்றன. "DCIM" என்ற ஃபோல்டரை யாராவது "முகூர்த்தம்" என்று மாற்றினால், அடுத்த நாள் திறக்கும்போது திரை முழுக்க "Media Offline". டாலியில் கடைக் கணக்கு போடும் மருமகனுக்கும் இதேதான். டாலி ஒவ்வொரு கம்பெனியின் கணக்கையும் 10000 என்பது போல வெறும் எண்ணைப் பெயராகக் கொண்ட ஃபோல்டரில் வைக்கிறது. அர்த்தமில்லாத எண்ணாக இருக்கிறதே என்று அதற்குக் கடைப்பெயர் வைத்தால், டாலி அந்தக் கம்பெனியையே பட்டியலில் காட்டாமல் போய்விடும்.

பொதுவாக, பெயர் புரியவில்லை என்பது ஒரு ஃபைலை மாற்றவோ அழிக்கவோ காரணம் ஆகாது. மனிதர் வைத்த பெயராகத் தெரியவில்லை என்றால், ஒரு புரோகிராம் அதை அந்தப் பெயரில் தேடிக்கொண்டிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

5. (1), (2) என்று முடிவதெல்லாம் நகல் அல்ல.

இதில்தான் வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஒரே கட்சி. "ஒரே ஃபைல் நாலு தடவை இருக்கிறது, மூன்றை எடுத்துவிட்டேன்" என்று சொல்லும்போது குரலிலேயே ஒரு திருப்தி. ஆனால் பேங்க் வெப்சைட்டிலிருந்து ஸ்டேட்மென்ட் இறக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஏப்ரலுக்கும் மே மாதத்துக்கும் ஜூனுக்கும் பல இடங்களில் ஒரே பெயரில்தான் ஃபைல் வரும். அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் பிரௌசர் தானாகவே (1), (2) என்று சேர்த்துவிடும். பிரௌசர் உள்ளே இருப்பதைப் படித்து ஒன்றா வேறா என்று பார்ப்பதில்லை. ஆக statement.pdf ஏப்ரல், statement (1).pdf மே, statement (2).pdf ஜூன் என்று இருக்கலாம். மூன்றில் இரண்டை அழித்தால் போவது இரண்டு மாதக் கணக்கு.

உண்மையிலேயே நகலா என்று சந்தேகம் வந்தால், ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து Properties பாருங்கள். "Size" என்ற வரியில் அடைப்புக்குறிக்குள் பைட் கணக்கு கடைசி இலக்கம் வரை இருக்கும். இரண்டு ஃபைலிலும் அது ஒரு பைட் மாறினாலும் அவை வேறு வேறு, பேச்சே இல்லை. ஒத்துப்போனால் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் நிச்சயம் இல்லை. எக்ஸெல்லில் ஒரு எண்ணைத் திருத்தினாலும் அளவு சில சமயம் அப்படியே நின்றுவிடும். அதனால் ஒத்துப்போனாலும் அழிக்காமல் எனக்குச் சொல்லுங்கள், நான் திறந்து பார்க்கிறேன்.

எக்ஸெல் ஃபோல்டரில் ~$ என்று தொடங்கும் குட்டி ஃபைல் கண்ணில் பட்டால் அதையும் விட்டுவிடுங்கள். யாரோ அந்தக் கணக்கைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்லும் அடையாளம் அது, மூடியதும் தானாகப் போய்விடும்.

6. ரீசைக்கிள் பின் எல்லாவற்றையும் காப்பாற்றாது.

"அழித்தால் என்ன, பின்னில்தானே இருக்கும்" என்று ஒரு தைரியம் எல்லோருக்கும் இருக்கிறது. கம்ப்யூட்டரின் உள்ளே இருக்கும் டிரைவில் Delete அழுத்தினால், ஆமாம், அங்கே இருக்கும். ரைட் கிளிக் செய்து "Restore" கொடுத்தால் பழைய இடத்துக்கே, பழைய பெயரிலேயே போய்விடும். Shift-ஐயும் சேர்த்து அழுத்தினால் அங்கே போகாது. பென்டிரைவிலிருந்து அழித்ததும் அங்கே போகாது. சின்னவன் ஸ்கூல் புராஜெக்ட்டைப் பென்டிரைவிலேயே வைத்துக்கொண்டு வேலை செய்கிறான், அதைக் கொஞ்சம் கவனியுங்கள். மிகப் பெரிய வீடியோவை அழிக்கும்போது "நிரந்தரமாக அழிக்கவா" என்று ஒரு கேள்வி வரும். வழக்கமான கேள்விதானே என்று படிக்காமலே Yes அடிப்போம். பின்னில் அந்த வீடியோவுக்கு இடம் இல்லை என்பதால்தான் அப்படிக் கேட்கிறது. ஒவ்வொரு லாகினுக்கும் பின் தனித்தனி என்பதும் நினைவிருக்கட்டும். நீங்கள் அழித்தது என் லாகினில் தெரியாது.

பின்னைக் காலி செய்ய வேண்டாம். குப்பை நிறைந்திருப்பது போல ஐகான் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும்.

7. டெஸ்க்டாப்பில் அழித்தால் கோயம்புத்தூரிலும் அழியும்.

இந்தக் கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பும் Documents ஃபோல்டரும் ஒன்டிரைவோடு இணைந்திருக்கின்றன. கோயம்புத்தூரில் இருக்கும் பெரியவன் லேப்டாப்பிலும் அதே அக்கவுன்ட். அதனால்தான் பாட்டியின் பென்ஷன் ஆர்டரை இங்கே ஸ்கேன் செய்து வைத்தால் அவன் அங்கே பார்க்க முடிகிறது. ஒன்டிரைவுக்கு நகல் எடுத்து வைப்பது வேலை இல்லை. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கச் செய்வதுதான் அதன் வேலை, அழிப்பதும் அதில் சேர்த்தி. அவன் தன் லேப்டாப்பில் இடம் போதவில்லை என்று எதையாவது அழித்தால், சில நிமிடங்களில் அது இங்கேயும் இல்லை.

அவனுக்கு நான் சொன்னதை எல்லோருக்கும் சொல்கிறேன். லேப்டாப்பில் இடம் வேண்டும் என்றால் அந்த ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து "Free up space" கொடுங்கள், Delete கொடுக்காதீர்கள். முதலாவது, லேப்டாப்பில் இருக்கும் பிரதியை மட்டும் நீக்கிவிட்டு ஒன்டிரைவில் ஃபைலை வைத்திருக்கும், பெயருக்குப் பக்கத்தில் மேகப் படம் வரும். மீண்டும் திறந்தால் நெட்டிலிருந்து இறங்கும். தவறி அழித்துவிட்டால், ஒன்டிரைவ் வெப்சைட்டில் தனியாக ஒரு Recycle bin உண்டு. நம் அக்கவுன்ட் போன்ற தனிநபர் அக்கவுன்ட்டில் 30 நாள் அதில் இருக்கும், அதற்குப் பிறகு இல்லை. வருடத்துக்கு ஒரு முறை தேவைப்படும் பத்திர ஸ்கேனைத் தவறி அழித்தால், 30 நாளுக்குள் யாருக்குத் தெரியப்போகிறது?

8. இடம் பற்றாக்குறை என்று கணக்கு ஃபைலை அழிக்காதீர்கள், அதில் ஒன்றும் மிச்சமாகாது.

வாடகைக் கணக்கு ஒன்று சில பத்து கேபி. பத்து வருடத்துக் கணக்கு, பட்டா, ரசீது ஸ்கேன் எல்லாம் சேர்த்தாலும் சீமந்த வீடியோ ஒன்றின் பக்கத்தில் நிற்காது. Settings-இல் System, அதில் Storage என்று போனால் எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று தெரியும். போய்ப் பாருங்கள். நம் வீட்டில் இடத்தைத் தின்பது போனிலிருந்து கொட்டிய வாட்ஸ்ஆப் வீடியோக்களும் கேமும்தான். கேம் யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை, அதை அவரே எடுத்துவிடலாம். ஆனால் Explorer-இல் போய் அந்த ஃபோல்டரை அழிக்காதே கண்ணா, Settings-இல் Apps போய் Uninstall கொடு.

9. அழிந்தே போய்விட்டால் கம்ப்யூட்டரை விட்டு எழுந்துவிடுங்கள்.

Ctrl + Z பலிக்கவில்லை, பின்னிலும் இல்லை, ஒன்டிரைவிலும் இல்லை என்றால் அதற்கு மேல் நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். யூடியூபில் பார்த்து மீட்பு சாஃப்ட்வேர் எதையும் இறக்கவே வேண்டாம். ஃபைல்கள் இருக்கும் D: பழைய வகை ஹார்ட் டிஸ்க். அதில் ஒரு ஃபைலை அழித்தால் உள்ளே இருப்பது உடனே போய்விடாது, "இந்த இடம் இனி காலி" என்ற குறிப்பு மட்டும் விழும். அதன் மேல் வேறு ஏதாவது எழுதப்படும் வரை மீட்க வழி இருக்கிறது. நீங்கள் இறக்கும் சாஃப்ட்வேரே அந்த இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டால் முடிந்தது. மீட்டெடுப்பதையும் வேறு டிஸ்க்கில்தான் எழுத வேண்டும், அதற்கு என்னிடம் வெளி ஹார்ட் டிஸ்க் இருக்கிறது.

C: டிரைவ் எஸ்எஸ்டி. அதில் நிலைமை வேறு. அழித்த இடம் இனி வேண்டாம் என்று விண்டோஸ் டிஸ்க்குக்குச் சொல்லிவிடும், டிஸ்க் தன் சௌகரியப்படி அதைத் துடைத்துவிடும். பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. டெஸ்க்டாப் இருப்பது C:-இல்தான். முக்கியமானதை D:-இல் வையுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

10. சொந்தப் பெயர் வைக்க ஆசை இருந்தால் ஷார்ட்கட்டுக்கு வையுங்கள்.

ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து ஒரு ஷார்ட்கட் உண்டாக்குங்கள். விண்டோஸ் 11-இல் "Show more options" அழுத்திய பிறகு "Create shortcut" வரும். அந்த ஷார்ட்கட்டை உங்கள் டெஸ்க்டாப்பில் வைத்து, என்ன பெயர் வேண்டுமானாலும் வையுங்கள், பிடிக்காவிட்டால் அழித்தும் விடுங்கள். அம்புக்குறி இருப்பது வெறும் வழிகாட்டி, அது போனாலும் ஃபைல் போகாது. Delete அழுத்தும் முன் அம்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

"அழிக்க வேண்டியவை" என்று ஒரு ஃபோல்டர் போட்டு, சந்தேகமானதை அதில் தள்ளி வைக்கலாமே என்று தம்பி மனைவி கேட்டார்கள். நல்ல யோசனை போலத் தெரியும், ஆனால் வேண்டாம் அம்மா. ஃபோல்டர் மாறினால் முகவரியும் மாறும், வாடகைக் கணக்கு மறுபடி அதே கதையாகிவிடும். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, பெயரை மட்டும் இந்தக் குரூப்பில் எழுதுங்கள்.

11. பூட்டு போட்டால் என்ன என்று கேட்டவர்களுக்கு.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொருவருக்கும் தனி லாகின் போடப் போகிறேன், அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரம் இல்லாமல். "வீடு" ஃபோல்டரில் எல்லோரும் படிக்கலாம், எழுதும் அனுமதி எனக்கும் சின்னத் தம்பிக்கும் மட்டும். Properties-இல் "Read-only" டிக் போட்டால் போதாதா என்றால், போதாது. உள்ளே இருப்பதை அதே பெயரில் மாற்றிச் சேமிப்பதைத்தான் அது தடுக்கும். பெயர் மாற்றுவதையும் அழிப்பதையும் தடுக்காது.

தம்பிக்கு எழுத விட்டு, அழிக்க மட்டும் தடை போட முடியுமா என்றும் யோசித்தேன். எக்ஸெல் ஒரு ஃபைலைச் சேமிக்கும்போது அதே ஃபைலின் மேல் எழுதுவதில்லை. புதிதாக ஒரு தற்காலிக ஃபைலில் முழுவதையும் எழுதி, பழையதை நீக்கிவிட்டு, புதியதற்குப் பழைய பெயரை வைக்கும். அழிக்கும் உரிமையும் பெயர் மாற்றும் உரிமையும் இல்லாதவரால் எக்ஸெல்லில் சேமிக்கவே முடியாது. ஆக, எழுதக் கூடியவர் கை எப்போதும் அழிக்கவும் கூடிய கைதான். அந்த ஒரு கைக்காகத்தான் மாதக் கடைசியில் "வீடு" ஃபோல்டர் முழுவதையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் தேதி போட்டு நகல் எடுக்கிறேன். 2025-11-30 என்று வருடத்தை முன்னால் வைத்து எழுதினால் வரிசை குலையாமல் நிற்கும். எடுத்ததும் வயரைக் கழற்றி பீரோவில் வைத்துவிடுவேன். செருகியே இருக்கும் டிஸ்க்கையும் யாராவது ஒழுங்குபடுத்திவிடுவீர்கள்.

கடைசியாக ஒன்று. D:-இல் "New folder (3)" என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் நான்கு ஸ்கேன், ஒரு வேர்ட் ஃபைல், யாரோ பாடிய ஆடியோ ஒன்று. யாருடையது என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கேயே எழுதுங்கள், அவர் லாகினில் சேர்த்துவிடுகிறேன். யாரும் சொல்லாவிட்டாலும் அது அங்கேயே, அதே பெயரில்தான் இருக்கும்.